பதில் வராத மடல்

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் நாற்பது அறை உள்ள ஒரு ஓட்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ரயில் நிலையம் தாம்பரம் சானடோரியம், அங்கே மெப்ஸ் வளாகம். அதிலுள்ள ஒரு கம்பெனியின் டிராவல் டெஸ்க்குக்கு, ஓட்டலின் சேல்ஸ் பையன் கார்ப்பரேட் ரேட் கேட்டு மடல் அனுப்புகிறான். தலைப்பு, "சிறப்புச் சலுகை!!". முதல் வரி, "சகல வசதிகளும் நிறைந்த எங்கள் ஓட்டல்...". பதில் வரவில்லை. எப்படி வரும்? இதே தலைப்பில்தான் எல்லா ஓட்டலும் அனுப்புகிறது.

டிராவல் டெஸ்க்கில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது மூன்றே விஷயம். எங்கே, எவ்வளவு, எதுவரை. தலைப்பிலேயே அது இருந்தால் மடலைத் திறப்பார். "மெப்ஸ் அருகே அறை, ரூ.2,700 காலை உணவுடன், மார்ச் 31 வரை" என்றால் போதும். செல்போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும் என்பதால் இடமும் விலையும் முதலில் வரவேண்டும். "20% தள்ளுபடி" என்று போட்டால் பிரயோஜனமில்லை. ஓட்டல் விலை தினமும் ஏறி இறங்குவதால், எதில் 20% என்று அவருக்குத் தெரியாது.

சரி, முதல் வரி? அதற்கான விஷயம் ஓட்டலின் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. கம்பெனி பெயருக்குப் போட்ட பில்களை எண்ணிப் பார்த்தால் போதும். மூன்று மாதத்தில் 42 இரவுகள், புக்கிங் தளம் வழியாக, சராசரி ரூ.3,200 என்று வருகிறது. அப்படியானால் முதல் வரி இதுதான்: "கடந்த மூன்று மாதத்தில் உங்கள் ஊழியர்கள் எங்களிடம் 42 இரவுகள் தங்கியுள்ளனர். நேரடியாகப் பதிவு செய்தால் ரூ.2,700." இரவுக்கு 500 வீதம் 21,000 ரூபாய் மிச்சம் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். தங்கியவர்களின் பெயரை மட்டும் எழுதக்கூடாது, அது அவர்கள் சொந்த விஷயம்.

ஓட்டலுக்கு நஷ்டமா? தளத்துக்கு 20% கமிஷன் என்றால் 3,200-இல் கையில் நிற்பது 2,560தான். 2,700 அதைவிட 140 அதிகம். காலை உணவுக்கு 140-க்கு மேல் செலவானால் மட்டும் கணக்கு மாறும். அதைப் பார்த்துவிட்டுத்தான் "காலை உணவுடன்" என்று எழுத வேண்டும்.

இரண்டாம் வரியில் வரியைச் சொல்லிவிடுவது நல்லது. 7,500 ரூபாய் வரையான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5%. ஆகவே பில் 2,835 வரும். சொல்லாமல் விட்டால் முதல் பில்லிலேயே சண்டை.

இன்னொன்று. மடல் போன அன்றைக்கு அதே அறை ஏதாவது தளத்தில் 2,500-க்குக் கிடைத்தால் எல்லாம் வீண். டிராவல் டெஸ்க் ஆள் முதலில் அங்கேதான் போய்ப் பார்ப்பார்!