குழந்தைக்குத் தமிழ் தெரியாதா?

சித்தூரில் பல வீடுகளுக்கு இரண்டு மொழி. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. எதிரில் இருப்பவருக்குப் புரியக் கூடாது என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. காய்கறிக் கடையில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. தத்து எடுத்த வீட்டின் கூடத்தில் நிலைமை வேறு.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் தத்துக்காகப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள். மத்திய தத்து ஆதார ஆணையத்திடமிருந்து ஒருநாள் தகவல் வருகிறது. ஒரு புகைப்படம், ஒரு மருத்துவ அறிக்கை. இந்தக் குழந்தைக்காக அவர்கள் சம்மதத்தைப் பதிவு செய்ய 48 மணி நேரம். வேறொரு மாவட்டத்தில் அரசு நடத்தும் சிசு கிருஹாவிலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தை வீடு வந்து சேர்கிறது. அதற்குத் தெரிந்தது தெலுங்கு மட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உறவுக் கூட்டம் வந்துவிடுகிறது, கையில் பழமும் பிஸ்கெட்டும்.

குழந்தையிடம் தெலுங்கில் கொஞ்சுகிறார்கள். பிறகு தமிழுக்கு மாறுகிறார்கள். “பாவம், எந்த மகராசி பெத்துப் போட்டாளோ!” “நிறம் கொஞ்சம் மட்டுதான், ஆனா முகம் லட்சணம்.” “விசாரிச்சுதானே எடுத்தீங்க? என்ன ஜனமாம்?” அம்மாக்காரி கண்ணால் ஜாடை காட்டினால் பதில் தயாராக இருக்கிறது: “அதுக்கென்ன தமிழா தெரியும்?”

சொற்கள் அன்று அதற்குப் புரியாமல் இருக்கலாம். ஆனால் எல்லோரும் தன்னைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்துவது மூன்று வயதுக்கு நன்றாகவே புரியும். அதோடு, இந்த வயதில் புது மொழி வெகு சீக்கிரம் காதில் ஏறிவிடும். திருப்பிப் பேசத் தெரிவதற்கு முன்பே அர்த்தம் தெரிந்துவிடும். அடுத்த பண்டிகைக்கு அதே உறவினர்கள் வந்து, பழக்க தோஷத்தில் அதே வார்த்தைகளைச் சொல்லும்போது, குழந்தை பொம்மையோடு விளையாடிக்கொண்டே அத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும். விவரம் தெரிந்த குழந்தைகள் இதைக் காட்டிக்கொள்வதில்லை. ஒருநாள் இரவு, சம்பந்தமே இல்லாமல், “அம்மா, என்னை எங்கே வாங்கினே?” என்று கேட்கும். ‘வாங்கினே’ என்ற சொல்லைப் பெற்றோர் ஒருபோதும் சொல்லியிருக்க மாட்டார்கள். அது விருந்தாளி விட்டுச் சென்றது.

வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரும்பாலும் பாராட்டத்தான் வருகிறார்கள். தொல்லையே அந்தப் பாராட்டில்தான். “எவ்வளவு பெரிய புண்ணியம் பண்ணியிருக்கீங்க” என்பதைக் குழந்தையின் பக்கத்திலிருந்து கேட்டால் அது கடன் பத்திரம்: நீ தர்மத்துக்கு வளர்கிறாய், நன்றியோடு இரு. பெற்ற குழந்தையைப் பார்க்கப் போய் யாரும் புண்ணியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. “பாருங்க, இவ வந்த வேளை, சொந்தமா ஒண்ணு பொறக்கும்” என்பது இன்னும் மோசம். வந்தவள் ஒத்திகை, நாடகம் இனிமேல்தான் என்று பொருளாகிவிடுகிறது. “சொந்தப் பிள்ளை மாதிரியே பார்த்துக்கறீங்க” என்பதில் அந்த ‘மாதிரி’ ஒன்று போதும். ஜாடை பார்ப்பதும் அப்படித்தான். “உங்க ஜாடையே இல்லையே” என்றாலும் சரி, சமாதானமாக “அப்படியே அப்பா மூக்கு” என்றாலும் சரி, ஒரு சின்ன முகம் எல்லோர் எதிரிலும் அளந்து பார்க்கப்படுகிறது.

பெற்றவர்கள் யார் என்ற கேள்விதான் எல்லோர் நாக்கு நுனியிலும் இருக்கும். பல சமயம் வளர்ப்பவர்களுக்கே அது தெரியாது. தெரிந்த கொஞ்ச நஞ்சமும் அவர்கள் பிறருக்குச் சொல்ல வேண்டிய கதை இல்லை, அது குழந்தையின் கதை. நீ எங்களிடம் எப்படி வந்தாய் என்பதை, புரிகிற அளவில், சின்ன வயதிலிருந்தே பெற்றோர் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்றுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். அதை யார், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விவரம் முழுதும் தெரிந்துவிட்டால் பள்ளி மைதானத்தில் வேறொரு பிள்ளை அதை முந்திச் சொல்லிவிடும். சட்டத்தின் கண்ணிலோ விஷயம் வெகு எளிது. தத்து உத்தரவில் கையெழுத்தானதும் (2022 செப்டம்பரிலிருந்து இது நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட கலெக்டரின் பொறுப்பு) குழந்தை எல்லா வகையிலும் அவர்கள் குழந்தை. பிறப்புச் சான்றிதழிலும் அவர்கள் பெயர்தான் பெற்றோர் என்று இருக்கும்.

இதற்காக வாயைத் தைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. தத்து என்ற சொல் காதில் விழுந்ததும் பதறி, குழந்தையை அடுத்த அறைக்கு அனுப்புவதும் ஒரு தவறுதான். ஏதோ அசிங்கம் இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்ளும். அதுவாகவே “நான் சிசு கிருஹாவுல இருந்தேன்” என்று சொன்னால், “அப்படியா, அங்கே யாரோட விளையாடுவே?” என்று கேட்டால் போதும். பெயர் என்ன, ராத்திரி தூங்குகிறாளா, என்ன சாப்பிடுகிறாள் என்று எந்தக் குழந்தை வீட்டிலும் கேட்கிறவற்றை இங்கேயும் கேட்கலாம். திருஷ்டி கழிக்கச் சொல்லலாம், அதில் பேதம் இல்லை. ஒரு விஷயத்தில் மட்டும் வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மடிக்கு மடி தூக்கிக் கொடுப்பதும், வாயில் இனிப்பு ஊட்டுவதும் முதல் சில வாரங்களுக்கு வேண்டாம். ஆள் மாறி ஆள் கவனித்துக்கொண்ட இடத்திலிருந்து வந்த குழந்தை அது. பசித்தால் இந்த இருவர், அழுதால் இந்த இருவர் என்று அது பழக வேண்டியிருக்கிறது. வந்தவர் எல்லோர் மடியிலும் சிரித்துக்கொண்டு ஏறுகிறது என்றால் அதைச் சமர்த்து என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. யார் தன்னுடையவர் என்று அதற்கு இன்னும் தெரியவில்லை என்றும் இருக்கலாம். போன் செய்துவிட்டுப் போய், அரை மணியில் எழுந்துவிடுவது நல்லது. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால் பரிசு இரண்டாக இருக்கட்டும்.

சித்தூர்க்காரர்களுக்கு அடுத்த கட்டம் திருப்பதி. பஸ்ஸில் சுமார் இரண்டு மணி நேரம். குழந்தைக்கு மலையில் மொட்டை போடத் துணைக்கு வருகிற பெரியம்மா, வழியெல்லாம் பக்திக் கதை சொல்லக் கூடும். அந்த மண்ணின் கதையே அப்படிப்பட்டதுதான். நாராயணவனத்து ஆகாசராஜன் ஏர் உழுதபோது தாமரையில் கிடைத்த குழந்தை பத்மாவதி. அவளைப் பெண் கேட்டுப் போனவள் சீனிவாசனைப் பெறாமல் வளர்த்த வகுளாதேவி. திருமலை மடைப்பள்ளியில் இன்றும் அவள்தான் பிள்ளைக்குச் சமையலை மேற்பார்வை பார்ப்பதாக நம்பிக்கை. ஆகாசராஜன் மகள் என்றால் எல்லோருக்கும் தெரியும். கூட ஒரு அடைமொழி தேவைப்படுவதில்லை. கதை நல்ல கதை. ஆனால் “நீயும் பத்மாவதி மாதிரிதான்டி கண்ணு, கிடைச்சவ” என்று பஸ்ஸில் பத்துப் பேர் கேட்கச் சொல்வது மறுபடியும் அந்த ‘மாதிரி’தான். அதை என்றைக்காவது அம்மாவே சொல்லட்டும்.

கீழே இறங்கி, சின்னக் கோயில் ஒன்றில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி நிற்கும்போது இன்னொரு சங்கடம் வரும். குழந்தையின் பெயர், கோத்திரம், நட்சத்திரம் கேட்பார்கள். கோத்திரம் அப்பாவுடையது, அதில் குழப்பம் இல்லை. நட்சத்திரம்? கைவிடப்பட்ட குழந்தைக்குப் பிறந்த தேதியே மருத்துவர் வயதைக் கணித்து எழுதியதாக இருக்கும். தகப்பன் தயங்குவார். பெரியம்மா விளக்கம் சொல்ல வாயைத் திறப்பார். அனுபவப்பட்ட அர்ச்சகர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. நட்சத்திரம் தெரியாமல் எத்தனையோ பேர் வருகிறார்கள், எழுபது வயதுக் கிழவர்கள் உட்பட. பெயரின் முதல் எழுத்துக்கு உரிய நட்சத்திரத்தைத் தாமே சேர்த்துச் சொல்லி, அப்பா பெயரையும் அம்மா பெயரையும் அதே மூச்சில் சொல்லி முடித்து, குழந்தையின் மொட்டைத் தலையில் சடாரியை வைத்து எடுத்துவிட்டு, அடுத்த தட்டுக்குக் கையை நீட்டுகிறார்.