கூட்டிப் பார்க்கக் கூடாத வலு

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் காற்று தாமிரபரணிச் சமவெளியில் எங்கள் ஊர்க் களங்களை வந்தடையும்போது சாரலை இழந்திருக்கும், வேகத்தை இழந்திருக்காது. தகரக் கூரையை அது கீழே அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்கவே பார்க்கும். அப்போது கூரை நிற்பதும் பறப்பதும் இரும்புச் சட்டங்களின் பருமனைக் காட்டிலும் அவை சந்திக்கும் இணைப்புகளையே சார்ந்திருக்கிறது.

அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு நெற்களத்திற்கு 8 மீட்டர் அகலத்தில் கூரை எழும்பியபோது மேற்பார்வைக்குச் சென்றிருந்தோம். முக்கோணச் சட்டம் ஒன்றின் அடிக்கம்பி, இணைப்புத் தகட்டோடு 16 மி.மீ. போல்ட் இரண்டால் சேர வேண்டும் என்றது வரைபடம். தூக்கி நிறுத்தியபோது ஒரு துளை பொருந்தவில்லை. கேஸ் கட்டிங்கால் துளையை அகலப்படுத்தி, போல்ட்டை நுழைத்து முடுக்கி, போதாததற்குக் கம்பியின் இருபுறமும் விரல் நீளத்திற்கு வெல்டிங்கும் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு, "ரெண்டும் இருக்குல்லா அண்ணாச்சி, டபுள் ஸ்ட்ராங்கு" என்றார் வெல்டர்.

நம்மில் பலருக்கும் அது நியாயமாகவே படும். ஆனால் இரும்பு அப்படிக் கணக்குப் போடுவதில்லை. 16 மி.மீ. போல்ட்டுக்கு 18 மி.மீ. துளை போடுவது வழக்கம். அந்த இடைவெளி அளவுக்குக் கம்பி நகர்ந்த பின்னரே போல்ட் துளையின் சுவரைத் தொட்டுச் சுமையை வாங்கும். வெல்டிங்கோ அணுவளவும் நகரவிடாது. ஆகவே சுமை முழுவதையும் முதலில் வெல்டிங்கே சுமக்கிறது. போல்ட் வேடிக்கை பார்க்கிறது. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் இருந்தவை போன்ற ரிவெட்டுகள் வேறு வகை. செந்தழலாய்ச் செலுத்தி அடிக்கப்படுவதால் அவை துளையைப் பெரும்பாலும் நிறைத்துவிடும். சாதாரண போல்ட் நிறைப்பதில்லை.

அந்த இணைப்பையே கணக்கிட்டுப் பார்ப்போம். சட்டத்தில் வரக்கூடிய விசை ஏறக்குறைய 4 டன். வெல்டிங்கின் பக்க அளவு 4 மி.மீ.; முக்கோணமாகப் படியும் அதன் மெலிந்த குறுக்களவு அதில் 0.7 பங்கு, அதாவது 2.8 மி.மீ. மட்டுமே. நீளம் பக்கத்திற்கு 35 மி.மீ.; தொடங்கிய இடமும் முடித்த இடமும் நம்பத்தக்கவை அல்ல என்பதால் இரு முனைகளிலும் 4 மி.மீ. கழிக்க வேண்டும். இந்திய உருக்குக் கட்டுமான விதிநூலான ஐ.எஸ். 800 (2007), பட்டறை வெல்டிங்கைக் காட்டிலும் களத்து வெல்டிங்கிற்குக் குறைந்த வலுவையே அனுமதிக்கிறது. அதன்படி இந்த வெல்டிங் தாங்கத்தக்கது சுமார் 2.4 டன். அது விரிசல் விட்டால் சுமை போல்ட்டுகளுக்குப் போகும். துளை அகன்ற போல்ட் சுவரைத் தொடாது. மற்றது தனியே நிற்கும். 4.6 தரமுள்ள ஒரு போல்ட்டுக்கு அனுமதி சுமார் 2.9 டன். கூட்டிப் பார்த்தவருக்கு எட்டு டன்போலத் தோன்றிய இணைப்பு, நான்கு டன்னுக்குப் போதாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிடக்கூடியது. அந்தச் சட்டத்தின்மேல் ஏறித் தகடு போடப்போகிறவர்கள் கீழே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தீர்வு இரண்டே. துளை பொருந்தும்படி புதிய தகட்டை டிரில் செய்து போல்ட்டாலேயே முடிப்பது. அல்லது முழுச் சுமையையும் வெல்டிங்கே சுமக்கும் என்று வடிவமைப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அதற்கேற்ப வைப்பது. கம்பியின் கனம் இடம் கொடுத்தால், பக்க அளவு 6 மி.மீ., நீளம் பக்கத்திற்கு 70 மி.மீ. வைக்கையில் ஏழு டன்னுக்கு மேல் கிடைக்கும். அப்போது போல்ட், சட்டத்தைப் பிடித்துநிறுத்தும் உதவியாள் மட்டுமே. நாங்கள் முதல் வழியைக் கேட்டோம். ஒரு நாள் தாமதமாயிற்று. ஒப்பந்ததாரர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

களத்தில் நிற்பவர் இதையெல்லாம் ரெட் ஆக்சைடு பூசுவதற்கு முன் பார்த்தாக வேண்டும். சாயம் ஏறிவிட்டால் விரிசலும் விளிம்பில் அரித்த பள்ளமும் ஒரே சிவப்பில் மறைந்துவிடும். கசடைத் தட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெல்டிங் கேஜை வைத்துப் பக்க அளவைப் பார்க்க வேண்டும். பளபளப்பும் வரிசையும் அளவாகிவிடா. போல்ட்டின் தலையில் பொறித்த தர எண்ணை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வாஷருக்கு அடியில் அகன்ற துளையின் கருகிய விளிம்பு எட்டிப் பார்க்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் போல்ட்டைக் கழற்றச் சொல்லத் தயங்கக் கூடாது.

வரைபடத்தில் போல்ட் மட்டும் இருக்கும் இடத்தில் வெல்டிங் தென்பட்டால், அது கூடுதல் வலு என்று மகிழ வேண்டாம். அங்கே ஏதோ பொருந்தாமல் போயிருக்கிறது என்பதற்கு அதுவே முதல் சாட்சி.