தட்டைப் பிரித்தார்கள், ஜன்னலைத் திறக்கவில்லை

திருத்தங்கலில் ஒரு வீடு. முன்னால் சின்னத் திண்ணை, உள்ளே ஓர் அறை, பின்னால் அடுப்படி. அந்த ஓர் அறையில்தான் ஐந்து பேர் படுத்து எழுந்தார்கள். பட்டாசு ஆபீசில் மருந்து செலுத்தும் வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு வயது மனிதர், அவர் மனைவி, அவரைப் பெற்ற அம்மா, எட்டாவது படிக்கும் மகன், நாலு வயது மகள்.

அந்த மனிதருக்கு இருமல் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் வேதிப்பொடிக்கே ‘மருந்து’ என்றுதான் பேர். “மருந்துல கிடந்து வேலை பாக்குறவனுக்கு இருமல் வராமலா இருக்கும்?” என்று அம்மாவே சொல்லிவிட்டார். சாயங்காலமானால் லேசான காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு இளைத்தது. இருமலில் ஒருநாள் ரத்தம் கோடாக வந்த பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. நல்லவேளையாக, முக்கிய மாத்திரையான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்பதும் அதே பரிசோதனையில் தெரிந்தது.

சேதி வந்த அன்று சாயங்காலமே அம்மா வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டார். மகனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். படுக்கை அறையின் மூலையில். மார்கழிக் குளிர் நெஞ்சில் ஏறக்கூடாது என்று ஜன்னலை இறுக்கி அடைத்தார். நாலு வயதுப் பேத்தியைச் சாத்தூரில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். செய்ததெல்லாம் பாசத்தில்தான்.

மறுநாள் காசநோய்ப் பிரிவிலிருந்து ஒரு பணியாளர் வீடு தேடி வந்தார். இளவயதுத் தம்பி. உள்ளே நுழைந்ததும் நோயாளியைக்கூடப் பார்க்காமல் ஜன்னலைத்தான் பார்த்தார்.

“பாட்டி, தட்டைப் பிரிச்சிட்டீங்க. காத்தைப் பிரிக்கலையே?”

பாட்டிக்குப் புரியவில்லை. அவர் உட்கார்ந்து விளக்கினார். இந்தக் கிருமி தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவுவதில்லை. நோயாளி இருமும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகளாகக் காற்றில் மிதக்கிறது. அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும். கூடப் படுத்திருப்பவர் அதையேதான் மூச்சில் இழுப்பார். திறந்த இடத்தில் காற்று அதைக் கலைத்துவிடும், வெயில் பட்டால் கிருமி செத்துப்போகும். பாத்திரத்துக்குச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

“ஊதுபத்தி இருக்கா?” என்று கேட்டு வாங்கினார். ஜன்னலையும் வாசல் கதவையும் திறந்து, நடு அறையில் பத்தியைக் கொளுத்திப் பிடித்தார். புகை கொஞ்ச நேரம் சுழன்றுவிட்டு ஜன்னல் வழியாக வெளியேறியது. “பாத்தீங்களா? அண்ணன் இந்த ஜன்னலை ஒட்டிப் படுக்கணும். காத்து உங்களைத் தொட்டுட்டு அவர்கிட்டப் போய், அப்படியே வெளியே போயிரணும். அவர் அந்த மூலையில படுத்தா, அவர் மூச்சு எல்லாரையும் சுத்திட்டுத்தான் போகும். பகல்ல திண்ணையில உக்காந்தா இன்னும் நல்லது.”

நோயாளிக்கு இது சட்டென்று பிடிபட்டது. மருந்து செலுத்தும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது, கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுப் பழகியவர் அவர்.

அடுத்துச் சொன்னவையும் அதிகமில்லை. முதல் சில வாரம் வீட்டுக்குள் மாஸ்க். இருமும்போது வாயைத் துணியால் மூட வேண்டும். சளியைக் கண்ட இடத்தில் துப்பாமல், கொஞ்சம் பினாயில் ஊற்றிய மூடிபோட்ட டப்பாவில் துப்பி, தினமும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

“பாப்பா எங்க?” என்று கேட்டார் பிறகு.

சாத்தூர் சமாசாரத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. “ரெண்டு மாசமா அப்பா பக்கத்துலயே படுத்த புள்ளைக்கா. கிருமி போயிருந்தா ஏற்கெனவே போயிருக்கும். இப்ப வேற ஊருக்கு அனுப்பினா, பரிசோதனைக்குத்தான் தப்பிப்போகும். நாளைக்கே கூட்டிட்டு வாங்க.” அஞ்சு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்தக் கிருமி சீக்கிரம் மூளை வரைக்கும் போய்விடக் கூடும் என்று அவர் சொன்னபோது, தாய் அங்கேயே சாத்தூருக்குப் போன் போட்டுவிட்டார்.

இந்த விஷயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் காசநோய் என்றாலே ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சானடோரியம் என்றுதானே பேர்? 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களுக்கு நெருக்கடியான சொந்த வீட்டிலேயே அதே மாத்திரைகள். சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைத்தன. ஆனாலும், ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. காரணம் எளிது. மாத்திரை தொடங்கியதும் கிருமியை வெளியே விடுவது வேகமாகக் குறைந்துவிடுகிறது. பரவியதில் பெரும்பகுதி, நோய் என்னவென்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த நாட்களில் பரவியதுதான்.

திருத்தங்கல் வீட்டுக்கும் அதுதான் கணக்கு. ஆபத்தான இரண்டு மாதம் முடிந்துபோயிருந்தது.

நோயாளியின் எடை 46 கிலோ. அதற்குத் தினமும் மூன்று மாத்திரை, மொத்தம் ஆறு மாதம். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனதைப் பார்த்துப் பயந்துபோனார். மாத்திரையின் நிறம்தான் அது, பயப்பட வேண்டாம் என்று போனில் சொன்னார் அந்தத் தம்பி. கண் மஞ்சளானாலோ, விடாமல் வாந்தி வந்தாலோ, பார்வை மங்கினாலோதான் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

குழந்தைக்கு இருமலோ காய்ச்சலோ இல்லை. எடை சரியாக இருந்தது, பரிசோதனையிலும் நோய் இல்லை. வராமல் தடுக்க, எடைக்கேற்ற ஐசோனியாசிட் மாத்திரை ஆறு மாதத்துக்குக் கொடுத்தார்கள். மற்ற மூவருக்கும் எக்ஸ்ரே எடுத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு தடுப்பு மருந்து தொடங்கினார்கள்.

இரண்டு வாரத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, மாஸ்க்கைக் கழற்றலாம், தெம்பு வந்ததும் வேலைக்குப் போகலாம் என்றார். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டாம் மாதம் எடை நாலு கிலோ ஏறியிருந்தது. “எனக்குத்தான் சரியாயிருச்சே” என்று இரண்டு நாள் மாத்திரையைத் தொடவில்லை. அந்த மாதச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்ததும் அவருக்கு இன்னும் தைரியம்.

அம்மாதான் விடவில்லை. சளியில் தெரியாத கிருமி உள்ளே ஒளிந்திருக்கும், பாதியில் நிறுத்தினால் அது மாத்திரைக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரும் என்று அந்தத் தம்பி சொன்னது அவர் மனதில் பதிந்திருந்தது. சிகிச்சைக் காலத்தில் அரசு மாதம் போடும் 1,000 ரூபாயில் முட்டை வாங்கி வைத்திருந்தார். காலையில் எழுந்ததும் மாத்திரை, சற்று நேரம் கழித்து முட்டை. காலண்டரில் தினமும் ஒரு கோடு.

“ஒன் தட்டைப் பிரிச்சு வச்சது நான்தான்யா. இந்த மாத்திரையை விட்டா, புள்ளையவும் ஒன்கிட்ட இருந்து பிரிக்க வேண்டி வரும்.”

ஆறாவது மாதக் கடைசிக் கோட்டை மகளே போட்டாள். தனித் தட்டு எப்போதோ மற்றத் தட்டுகளோடு கலந்துபோயிருந்தது. ஜன்னல் மட்டும் இன்னும் அடைக்கப்படவில்லை.