முதல் பாராவில் கொடுத்ததை நான்காம் பாராவில் பிடுங்க முடியாது

பத்திர எழுத்தர் உரிமத்தை இந்த வருடம் நான் புதுப்பிக்கவில்லை. கண் மங்கிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அது பாதிக் காரணம்தான். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பையன், "இப்ப யாருங்கய்யா உக்காந்து எழுதுறாங்க? மாதிரி இருக்கு, பேரை மாத்தினா முடிஞ்சுது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னான். அவன் அப்போது தட்டிக்கொண்டிருந்தது ஒரு செட்டில்மெண்டு. தாயாருக்கு ஆயுள் பாத்தியம், அவருக்குப் பின் பிள்ளைகளுக்கு வீடு.

எட்டிப் பார்த்தேன். முதல் பாராவிலேயே "இன்று முதல் தாங்கள் சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று தாயாருக்கு எழுதியிருந்தான். நான்காம் பாராவில் "தங்கள் ஆயுளுக்குப் பின் பிள்ளைகளுக்கு" என்று வருகிறது. முழு செட்டில்மெண்டுக்கான மாதிரியை எடுத்து, அதன் வாலில் ஆயுள் பாத்தியத்தை ஒட்டவைத்திருக்கிறான். உயிலில் முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் பின்னால் எழுதியது நிற்கும். பத்திரத்தில் நேர் தலைகீழ்: முன்னால் முழுசாகக் கொடுத்துவிட்டால் பின்னால் குறைத்து எழுதியது செல்லாது. அந்தப் பத்திரம் கோர்ட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

இது கவனமாகப் படித்தால் கண்ணில் படுகிற பிழை. ஆயுள் பாத்தியத்தில் உண்மையான கண்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவர் என் ஆசிரியர். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "விதவைக்குச் சொத்து எழுதுறப்போ எதைக் கொடுக்கிறோம்னு அப்புறம் எழுது, எதுக்காகக் கொடுக்கிறோம்னு முதல்ல கேளு" என்பார். வந்தவர் யாராக இருந்தாலும் மூலப் பத்திரத்தைப் பார்க்காமல் பேனா மூடியைக் கழற்றமாட்டார்.

காரணம், 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதன் முதல் உட்பிரிவுப்படி இந்துப் பெண்ணின் கைவசமுள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர். இரண்டாம் உட்பிரிவு ஒரு விலக்கு: தானமாகவோ உயிலாகவோ வேறு பத்திரத்தாலோ குறைந்த உரிமையோடு கொடுத்தால் அந்தக் குறைவு நிற்கும். ஆயுள் பாத்தியம் உயிர் வாழ்வது இந்த இரண்டாவதின் நிழலில்தான். ஆனால் 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. ஆந்திரத்து விதவை அவர். 1949இல் கணவரின் சகோதரரோடு செய்துகொண்ட ராஜியில், ஜீவனாம்சத்துக்காக ஆயுள் வரை அனுபவிக்கும்படி சொத்துகள் கிடைத்தன. பின்னாளில் அவற்றில் சிலவற்றை விற்றார். விற்க உரிமையில்லை என்று வழக்கு. ஜீவனாம்சம் அவருக்கு ஏற்கெனவே இருந்த உரிமை. அந்த உரிமைக்கு ஈடாகக் கொடுத்தது முதல் உட்பிரிவில்தான் விழும். ஆகவே அவரே முழு உரிமையாளர் என்று தீர்ப்பாயிற்று. ஆயுளுக்கு மட்டும் என்று எழுதியிருந்தது எடுபடவில்லை.

ஒரு பெரியவருக்கு எழுதியதைச் சொல்கிறேன். மகன் இறந்துவிட்டான். மருமகள், படிக்கிற வயதில் பேரன், பேத்தி. மருமகள் ஆயுள் வரை வீட்டில் இருக்க வேண்டும், பிறகு வீடு பேரப்பிள்ளைகளுக்கு. பெரியவர் கையோடு ஒரு வரைவு கொண்டுவந்திருந்தார். "என் மருமகளின் ஜீவனாம்சத்தை முன்னிட்டு" என்று ஆரம்பித்தது. நல்ல மனதோடு எழுதிய வரிதான். ஆனால் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்கு அதுவே வேட்டு.

மூலப் பத்திரத்தைக் கேட்டேன். அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் கிரயம் பெற்ற வீடு. அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். விதவை மருமகளுக்கு ஜீவனாம்சம் கொடுக்கும் கடமை மாமனாருக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் அவர் கையிலுள்ள கூட்டுக்குடும்பச் சொத்திலிருந்துதான் அதை வசூலிக்க முடியும். வீடு பூர்வீகமாக இருந்திருந்தால் வரியை மாற்றி எழுதிப் பயனில்லை. மகனுடைய பங்கே அவளுக்கும் பிள்ளைகளுக்கும் இறங்கியிருக்கும். உரிமை உள்ளவளுக்கு அன்பளிப்பு என்று பெயர் சூட்டினால் கோர்ட்டு ஏமாறாது. சுயார்ஜிதம் என்பதால் அதை விவரமாக எழுதி, "அன்பும் பிரியமும் கொண்டு" என்று காரணம் சொல்லி, கொடுக்கிற உரிமையைக் கொடுக்கும்போதே அளந்தேன்: "உங்களில் 1 இலக்கமிட்டவர் ஆயுட்காலம் வரை குடியிருந்தும் வாடகைக்கு விட்டும் வரும்படியை அனுபவித்தும் வரவேண்டியது. விக்கிரயம், அடமானம், தானம் முதலிய எவ்வித பராதீனமும் செய்ய அவருக்கு அதிகாரமில்லை."

பேரப்பிள்ளைகள் பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். "அவருக்குப் பின் உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கு" என்று எழுதினால் அது நிச்சயமில்லாத உரிமை. தாய்க்கு முன் பேரன் இறந்தால் அவன் மனைவி மக்கள் வெளியே நிற்பார்கள். "2, 3 இலக்கமிட்டவர்களுக்கு உரிமை இன்றே சேர்ந்தது, சுவாதீனம் மட்டும் 1 இலக்கமிட்டவர் ஆயுளுக்குப் பின்" என்று எழுதினேன். அப்படியானால் அவன் பங்கு அவன் வாரிசுகளுக்கு இறங்கும். மைனர்களுக்காகத் தாயாரே கார்டியனாக இருந்து ஏற்றுக்கொண்டதாகவும், அவரிடம் சுவாதீனம் அன்றே ஒப்படைத்ததாகவும் சேர்த்தேன். கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே ஏற்காத தானம் செல்லாது.

படித்துக் காட்டினேன். படித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்கியதில்லை. மருமகள் அதுவரை வாயே திறக்கவில்லை. "பையன் காலேஜ் போறப்ப வீட்டை வச்சுக் கடன் வாங்கலாமா மாமா?" என்று பெரியவரைக் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். முடியாதம்மா என்றேன். ஆயுள் பாத்தியத்தை நம்பி எந்த பேங்கும் கொடுக்காது. பிள்ளைகள் மேஜரான பிறகு மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அடமானமும் வைக்கலாம், விற்கவும் செய்யலாம். அதுவரை மைனர் உரிமையில் கைவைக்கக் கோர்ட்டு அனுமதி வேண்டும். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, தெருவோரக் கடைப் பகுதியைத் தனி ஷெட்யூலாகப் பிரித்து மருமகளுக்கே முழுசாக எழுதச் சொன்னார். அந்தக் கேள்வி எழுந்திராவிட்டால் அந்த ஷெட்யூலும் இல்லை. மாதிரியில் பெயரை மாற்றுகிறவனிடம் யார் கேட்பார்கள்?

இப்படிப்பட்ட வீடுகளை வாங்குகிறவர்களும் இப்போது பத்திரம் படிப்பதில்லை. வில்லங்கச் சான்றில் முதல் பெயர் ஆயுள் பாத்தியம் பெற்ற அம்மாளுடையது, வீட்டு வரி அவர் பெயரில், கிரயம் முடிந்தது. பன்னிரண்டு வருடம் அனுபவித்தால் நமக்கே என்று புரோக்கர் தைரியம் சொல்கிறார். பின்னுரிமைக்காரர்களுக்கு அந்த 12 வருடம் தொடங்குவதே அந்த அம்மாள் இறந்த பிறகுதான். கிரயமாகி முப்பது வருடம் கழித்து வந்து பிள்ளைகள் தாவா போட்டாலும் போட்டதுதான்.

புரோக்கருக்குக் கமிஷனை மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். எழுதுகூலி என்றதும் பக்கத்துக்கு எவ்வளவு என்று பேரம். பக்கக் கணக்கில் பார்த்தால் அந்தப் பையன் என்னைவிட மலிவுதான். அவன் வைக்கிற ஓட்டையை அடைக்க வக்கீலுக்குக் கொடுக்கப்போவதை மட்டும் யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.