காலி செய்யும் நாளிலிருந்து படியுங்கள்

வாடகை ஒப்பந்தத்தை எல்லோரும் குடிபோகிற மும்முரத்தில்தான் படிக்கிறோம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, மெயின்டனன்ஸ் தனியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். ஆனால் அந்தத் தாள் பேச ஆரம்பிப்பது காலி செய்கிற அன்றுதான். வாடகை உயர்வு, ரிப்பேர், லாக்-இன் என்று தனித்தனியாக எழுதியிருந்தவை எல்லாம் அன்று ஒன்றாகச் சேர்ந்து அட்வான்ஸில் கை வைக்கின்றன.

என் தங்கை குடும்பம் குரோம்பேட்டையில் ஒரு இரண்டு பெட்ரூம் வீட்டில் இருந்தது. வாடகை 18,000, அட்வான்ஸ் ஐந்து மாத வாடகை, அதாவது 90,000. வழக்கம்போல் 11 மாத ஒப்பந்தம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இந்த 11 மாதம். அது முடிந்ததும் 5 சதவீதம் கூட்டி, 18,900க்குப் புது ஒப்பந்தம் போட்டார்கள். அதில் இரண்டு மாதம் முடிகிற நேரத்தில் மாப்பிள்ளைக்குக் கோவைக்கு மாற்றல் வந்தது. முறைப்படி ஒரு மாதம் முன்னதாகவே சொல்லிவிட்டுத்தான் காலி செய்தார்கள்.

வீட்டுக்காரர் ஒரு தாளில் கணக்கெழுதிக் கொடுத்தார். ஆறு மாத லாக்-இன்னில் மீதி மூன்று மாத வாடகை 56,700. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 18,900. பாத்ரூம் சுவருக்குள் கசிந்த குழாயை மாற்ற 8,500. ஆக 84,100 போக, கைக்கு வருவது 5,900.

"அண்ணா, நாங்க ஒரு வருஷத்துக்கு மேல இருந்துட்டோமே, இன்னும் என்ன லாக்-இன்?" என்று கேட்டாள் தங்கை. நியாயமான கேள்வி. ஆனால் புதுப்பிக்கும்போது பழைய ஒப்பந்தத்தை அப்படியே நகலெடுத்து, தேதியையும் வாடகையையும் மட்டும் மாற்றியிருந்தார்கள். அதனால் "இந்த ஒப்பந்தம் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம்" என்ற வரியும் புதிதாக உயிர்பெற்றுவிட்டது. ஒவ்வொரு 11 மாதத்திலும் முதல் ஆறு மாதம் இப்படிக் கட்டிப்போடப்பட்டால், பத்து வருடம் குடியிருப்பவர்கூடப் பாதிக் காலத்துக்கு மேல் பூட்டுக்குள்தான் இருப்பார். லாக்-இன் இருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. புது ஆளைத் தேடும் அலைச்சலும் தரகர் கமிஷனும் வீட்டுக்காரருக்கும் உண்டு. அந்த நஷ்டத்தை முதல் முறை ஈடுகட்டினால் போதும்.

அந்த நஷ்டத்துக்கும் ஓர் அளவு இருக்கிறது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவு. தங்கை காலி செய்த இரண்டே வாரத்தில் அந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். வீடு சும்மா கிடந்தது அரை மாதம். அதற்கு 9,450 எடுத்துக்கொள்ளுங்கள் என்று பேசினோம். சற்று யோசித்து ஒப்புக்கொண்டார்.

ரிப்பேர் விஷயத்தில் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் உதவியது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை யார் எதைச் செய்வது என்று பிரித்துச் சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. குழாய் மாற்றுவது, வயரிங், கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைக் காட்டியதும் 8,500ஐ விட்டுவிட்டார். பெயிண்டிங் பணத்தை மட்டும் கொடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது அவர் செலவுதான். ஆனால் ஒரு மாத வாடகையைப் பிடிக்கலாம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதி, தங்கை கையெழுத்தும் போட்டிருந்தாள். 28,350 போக 61,650 திரும்பி வந்தது.

அட்வான்ஸ் பெருகப் பெருக, இந்தப் பேச்சில் குடியிருப்பவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. பணம் ஏற்கெனவே வீட்டுக்காரர் கையில் இருக்கிறதே! மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று அதே சட்டம் சொன்னாலும், இரு தரப்பும் வேறு விதமாக எழுதிக்கொள்ள இடம் விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் ஐந்து மாதமும் பத்து மாதமும் நுழைகின்றன.

அடுத்த முறை ஒப்பந்தம் கையில் வந்தால், நாளைக்கே காலி செய்வதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். லாக்-இன் முதன்முதலில் குடிவந்த தேதியிலிருந்து ஒரே ஒரு தடவைதான் என்றும், பெயிண்டிங் பிடித்தம் இத்தனை வருடத்துக்குள் காலி செய்தால் மட்டும் என்றும், அட்வான்ஸ் சாவி கொடுத்து ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்டால் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் மறுப்பதில்லை.