கன்றின் விலை

தாம்பரம், வண்டலூர்ப் பகுதிகளின் நாற்றுப்பண்ணைகளில் ஒரே உயரமுள்ள இரு மாங்கன்றுகள் விலையில் வேறுபடுவதுண்டு. அதன் காரணத்தை அறியக் கன்று கடந்துவந்த மாதங்களைக் கணக்கிட வேண்டும்.

ஓர் ஒட்டுக் கட்ட 40 ரூபாய் செலவாகிறது எனக் கொள்வோம். கட்டிய 100 ஒட்டுகளில் 80 மட்டுமே தேறினால், மொத்தச் செலவான 4,000 ரூபாயையும் அந்த 80 கன்றுகளே சுமக்கும். எனவே, ஒரு கன்றின் அடக்கவிலை 50 ரூபாயாகிறது. நீர், எரு, நிழல்வலை, கூலி ஆகியவற்றுக்கு மாதம் 5 ரூபாய் வீதம் ஆறு மாதங்களுக்கு 30 ரூபாய் ஆகும். பெரிய பைக்கு மாற்ற மேலும் 20 ரூபாய் சேர்ந்தால், அடக்கவிலை 100 ரூபாயை எட்டும். இலாபம் அதற்கு மேல்தான்.

ஆயினும், கழிந்த மாதங்கள் எல்லாம் மதிப்பைக் கூட்டுவதில்லை. சிறு பையிலேயே நெடுநாள் விடப்பட்ட கன்றின் வேர்கள் அடியில் சுருண்டுவிடும்; நட்ட பின்னரும் அவை மண்ணில் எளிதில் பரவா. பையின் துளைவழியே தடித்த வேர் வெளியேறியிருப்பதும், தண்டு மெலிந்து நெடிது வளர்ந்திருப்பதும் அதற்கான அறிகுறிகள். அத்தகைய கன்று வயதில் மூத்ததாயினும் விலையில் இளையதே. உயரத்தை மட்டும் கண்டு அதனை வாங்குபவர் குறையை உணர்வதற்குள் சில ஆண்டுகளை இழந்திருப்பார்.