384 என்று எழுதச் சொன்னவன்

முதுகலை மாணவர்களுக்கு ஆய்வு முறையியல் எழுதக் கற்றுக்கொடுக்கிறேன் என்ற பெயரில் பல வருடங்கள் நான் செய்தது ஒரு தாளை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்ததுதான். 'இது ஒரு விளக்கமுறை ஆய்வு. எளிய சமவாய்ப்பு முறையில் 384 பேர் தேர்ந்தெடுக்கப்படுவர். கட்டமைக்கப்பட்ட வினாத்தாள் பயன்படுத்தப்படும்.' தலைப்பையும் ஊரையும் மாற்றினால் எந்த ஆய்வுக்கும் பொருந்தும். கமிட்டியில் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். திருத்துவதற்கும் எனக்கு வேலை மிச்சம்.

அந்த 384 வானத்திலிருந்து விழுந்ததல்ல. பெரிய மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டை, 95 சதவீத நம்பிக்கையுடன், கூடக்குறைய 5 புள்ளிக்குள் கணிக்க வேண்டுமென்றால் வரும் எண் அது. கிரெஜ்சியும் மார்கனும் 1970இல் போட்ட அட்டவணையின் கடைசி வரியிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரையும் முழுப் பட்டியலிலிருந்து தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒரு மாணவி, அரசுப் பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையை எத்தனை பெண்பிள்ளைகள் உண்மையிலேயே விழுங்குகிறார்கள் என்று பார்க்கக் கிளம்பினாள். களத்திலிருந்து போன் செய்தாள். "சார், பேரைக் குலுக்கி எடுப்போம்னு எழுதியிருக்கோம். இங்க ஹெச்.எம். ஒரு செக்‌ஷனை அப்படியே அனுப்பிட்டாங்க. ஒரு ஸ்கூலுக்கு 24 பேர், 16 ஸ்கூல்ல முடிஞ்சிடும். முறையியலை மாத்தி எழுதட்டுமா?"

"எழுதினது அப்படியே இருக்கட்டும்மா" என்றேன். என் வாக்குமூலத்தின் மையம் இந்த ஒரு வாக்கியம்.

அவள் கேட்டதில் இருந்த நியாயத்தை இப்போது விளக்குகிறேன். ஒரு பள்ளியில் மதிய உணவு முடிந்ததும் டீச்சர் எதிரிலேயே விழுங்க வைக்கிறார்கள். அங்கே ஏறக்குறைய எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டிருக்கும். இன்னொரு பள்ளியில் கடைசி மணி அடிக்கும் நேரத்தில் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். மாத்திரை பையோடு வீட்டுக்குப் போய்விடும். ஆக, ஒரே பள்ளியில் 24 பேரைக் கேட்டாலும் கிடைப்பது 24 புதிய செய்திகள் அல்ல. பிள்ளைகளுக்குள் இருக்கும் இந்த ஒற்றுமையின் அளவு 0.1 என்று வைத்துக்கொண்டால், 24இல் ஒன்றைக் கழித்து வரும் 23ஐ அதனால் பெருக்கி 1ஐக் கூட்ட வேண்டும். 3.3 வரும். 384ஐ அதால் வகுத்தால் 116. அவள் அலைந்து திரிந்து சேர்த்த தரவின் உண்மையான எடை அவ்வளவுதான். பிழை எல்லையும் 5 அல்ல, 9. அதுவும் பள்ளிகளையாவது குலுக்கி எடுத்திருந்தால்! அவள் பஸ் வசதி பார்த்துப் போனாள்.

இப்போது அந்தத் தாளைக் கொடுப்பதில்லை. முறையியலை ஆய்வுக் கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். யாரைப் பற்றிய கேள்வி, அவர்களின் பட்டியல் யாரிடம் இருக்கிறது, அதிலிருந்து எப்படி எடுப்பாய், என்ன கேட்பாய், வந்த பதிலை எந்த அட்டவணையில் நிரப்புவாய் என்ற வரிசையில் எழுத வேண்டும். அந்த அட்டவணையை எண்கள் இல்லாமல் இப்போதே வரைந்து காட்டவும் வேண்டும். கட்டம் வரையத் தெரியவில்லையென்றால் கேள்வி இன்னும் தெளியவில்லை என்று பொருள். மாதிரிப் பத்தி இப்படி இருக்கும்:

'மாவட்டக் கல்வி அலுவலகப் பட்டியலிலிருந்து 32 பள்ளிகள் குலுக்கி எடுக்கப்படும். ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலிருந்து 12 மாணவியர் குலுக்கப்படுவர். அன்று வராதவருக்காக ஒருமுறை மீண்டும் செல்வோம், பதிலாள் எடுக்கமாட்டோம். பள்ளிகளின் மாணவியர் எண்ணிக்கை வேறுபடுவதால் கணிப்பில் எடை சேர்க்கப்படும். ஆசிரியர் இல்லாத அறையில், "மாத்திரை சாப்பிடுகிறாயா?" என்று கேட்காமல், "போன வாரம் கொடுத்த மாத்திரை இப்போது எங்கே?" என்று கேட்போம். 64 பள்ளிகளில் 6 பேர் வீதம் எடுத்தால் துல்லியம் கூடும். ஒருவரால் அத்தனை பள்ளிக்குச் செல்ல இயலாது. எனவே பிழை எல்லை ஏறத்தாழ 7 புள்ளி என ஏற்கிறோம்.'

இதிலும் அதே 384 பேர்தான். ஆனால் கைவிட்ட வழியும் அதற்கான காரணமும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தக் கடைசி மூன்று வாக்கியங்களை எழுத வைப்பதுதான் பெரும்பாடு. குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும், மதிப்பெண் போய்விடாதா என்று கேட்கிறார்கள். அந்தப் பயத்தை ஊட்டியவர்களில் நானும் ஒருவன்.

நான் முழுக்கத் திருந்திவிட்டதாகவும் சொல்ல முடியாது. பருவ முடிவில் முன்மொழிவுகள் மேசையில் குவியும்போது மாதிரி எடுக்கும் பத்தியை மட்டும் கவனமாகப் படித்துவிட்டு, பகுப்பாய்வுப் பத்தியை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். கொத்துக் கொத்தாக எடுத்த பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணி டி-சோதனை போடுவோம் என்று அங்கே எழுதியிருக்கும். போன பருவத்திலும் அப்படிச் சில என் கையெழுத்தோடு போயின.